உங்களுக்குத் தெரியுமா? எந்தப் பட்டியலிலும் சிக்காத எண்

இரட்டை எண்கள் எத்தனையோ, இயல் எண்களும் அத்தனையே! 1-க்கு 2, 2-க்கு 4, 3-க்கு 6 என்று ஜோடி சேர்த்துக்கொண்டே போனால் எந்தப் பக்கமும் ஒன்றுகூட மிஞ்சாது. இப்படி ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு வரிசை எண் கொடுக்க முடிந்தால் அது எண்ணிடத்தக்க கணம்.

பின்னங்களையும் வரிசையில் நிறுத்தலாம். தொகுதி, பகுதி இரண்டின் கூட்டுத்தொகையைப் பார்த்து அடுக்க வேண்டும்: கூட்டுத்தொகை 2 என்றால் 1/1, 3 என்றால் 1/2, 2/1, 4 என்றால் 1/3, 3/1 (2/2 ஏற்கெனவே வந்துவிட்டது). ஒவ்வொரு கூட்டுத்தொகைக்கும் சில பின்னங்களே உண்டு என்பதால், எந்தப் பின்னத்துக்கும் அதன் முறை வந்தே தீரும்.

மெய்யெண்கள் மட்டும் இதற்கு அடங்காது. ஜெர்மானியக் கணிதர் ஜார்ஜ் கேன்டர் இதை 1874-லேயே வேறொரு வழியில் நிறுவி வெளியிட்டார். இன்று வகுப்புகளில் சொல்லித்தரும் மூலைவிட்ட வாதம் அவரிடமிருந்து 1891-ல்தான் வந்தது. அழகில் இரண்டாவதற்கு ஈடில்லை.

0-க்கும் 1-க்கும் இடைப்பட்ட எல்லா மெய்யெண்களையும் ஒருவர் பட்டியலிட்டுவிட்டதாக வைத்துக்கொள்வோம்:

1 → 0.3141…
2 → 0.2500…
3 → 0.7182…
4 → 0.6666…

முதல் எண்ணில் முதல் இலக்கம், இரண்டாவதில் இரண்டாவது என்று மூலைவிட்டமாக இறங்குங்கள்: 3, 5, 8, 6… இலக்கம் 5 ஆக இருந்தால் 4 என்றும், வேறு எதுவானாலும் 5 என்றும் மாற்றுங்கள். கிடைப்பது 0.5455… இது பட்டியலில் நூறாவது எண்ணாக இருக்குமா? இருக்காது, நூறாவது இலக்கத்தில் மாறுபடுகிறதே! எந்த இடத்தைக் கேட்டாலும் இதே பதில்தான்.

'விடுபட்ட எண்ணைப் பட்டியலில் சேர்த்துவிட்டால் போயிற்று' என்று தோன்றலாம். புதிய பட்டியலுக்கும் அதே விதியைப் போட்டால் இன்னொரு எண் விடுபடும். ஒரு குறிப்பிட்ட பட்டியலில் குறை என்பதல்ல வாதம். எந்தப் பட்டியலும் முழுமையாகாது என்பதே வாதம்.

4, 5 இரண்டை மட்டும் ஏன் எடுத்தோம்? 0.4999… என்பதும் 0.5000… என்பதும் ஒரே எண். இலக்கம் மாறினாலும் எண் மாறாமல் போகும் ஆபத்து இங்கே இருக்கிறது. ஆனால் முடிவில்லாமல் 9 அல்லது 0 தொடரும் எண்களில்தான் அது நேரும். 4, 5 மட்டும் வரும் எண்ணுக்கு ஒரே ஒரு தசம வடிவமே உண்டு.

இதே வித்தையைப் பின்னங்களின் பட்டியலில் செய்தால்? அப்போதும் புது எண் கிடைக்கும். ஆனால் அது பின்னமாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. அதனால் முரண்பாடும் இல்லை. 0-க்கும் 1-க்கும் இடைப்பட்ட பின்னங்கள் எல்லாமே அந்தப் பட்டியலில் இருக்கும்போது, அதில் இல்லாத எண் விகிதமுறா எண்ணாகத்தான் இருக்க முடியும். 4-களும் 5-களும் மட்டுமே கொண்ட அந்தத் தசமம் எவ்வளவு தூரம் போனாலும் சுழல் தசமமாக மாறாது.