எல்.சி.யில் ஒரு தேதி பிசகினால்

எல்.சி. எனப்படும் கடனுறுதிக் கடிதம், இறக்குமதியாளரின் வங்கி ஏற்றுமதியாளருக்கு எழுதித் தரும் வாக்கு: கேட்ட ஆவணங்களைக் கேட்டபடியே கெடுவுக்குள் கொடுத்தால் பணம் தரப்படும். பெட்டிக்குள் இருக்கும் சரக்கை வங்கி பார்ப்பதில்லை. அதன் மேசைக்கு வருவது காகிதம் மட்டுமே. 2007 ஜூலையிலிருந்து நடப்பில் இருக்கும் யுசிபி 600 விதிகளின் அடிப்படையே இதுதான்.

திருப்பூரிலிருந்து ஹாம்பர்க்குக்கு 10,000 டி-சர்ட் போவதாக வைத்துக்கொள்வோம். எல்.சி.யில் சரக்கேற்றக் கடைசித் தேதி ஜூன் 30. கன்டெய்னர் 27ஆம் தேதியே தூத்துக்குடித் துறைமுகத்துக்குள் போய்விட்டது. ஆனால் கொழும்பு செல்லும் ஃபீடர் கப்பல் தாமதமாகி, ஜூலை 2 அன்றுதான் அதை ஏற்றியது. பில் ஆஃப் லேடிங்கில் 'ஆன் போர்டு' குறிப்பு ஜூலை 2 என்று விழுகிறது. வங்கிக்கு அந்தத் தேதிதான் கணக்கு. பெட்டி துறைமுகத்தில் காத்திருந்த நாட்கள் கணக்கில் வராது. நடந்துவிட்ட தாமதத்தை எந்தத் திருத்தத்தாலும் அழிக்க முடியாது. முன்தேதியிட்டு பில் வாங்குவது மோசடி. கப்பல் தாமதம் தெரிந்தவுடனேயே வாங்குபவரிடம் பேசி, அவருடைய வங்கியிடமிருந்து தேதி நீட்டிப்பை எழுத்தில் பெறுவதுதான் வழி.

அதே எல்.சி. சரக்கை '100% காட்டன் நிட்டட் டி-சர்ட்' என்று சொல்ல, இன்வாய்ஸில் 'காட்டன் டி-சர்ட்' என்று மட்டும் இருந்தால் அதுவும் முரண்பாடு. பேக்கிங் லிஸ்ட் போன்ற மற்ற ஆவணங்களில் எல்.சி.யோடு முரண்படாத பொதுவான விவரணை போதும். இன்வாய்ஸுக்கு அந்தச் சலுகை இல்லை. அளவிலும் பலர் ஏமாறுகிறார்கள். 5 சதவீதம் கூடக்குறைய அனுப்பலாம் என்ற விதி கிலோவுக்கும் மீட்டருக்கும் பொருந்தும். எண்ணிக்கையில் சொன்ன சரக்குக்குப் பொருந்தாது. 10,150 டி-சர்ட் என்றால் ஆவணம் தவறியதுதான்.

இன்வாய்ஸ் பிழையைத் திருத்தி மறுபடி கொடுக்கலாம், நாள் மிச்சமிருந்தால். எல்.சி. வேறு கெடு சொல்லாதபோது, சரக்கேற்றிய 21 நாட்களுக்குள், எல்.சி. காலாவதியாகும் முன் ஆவணங்கள் போய்ச் சேர வேண்டும். இருபதாம் நாள் கொண்டுபோய்க் கொடுப்பவருக்குத் திருத்த அவகாசமே இராது. முதல் வாரத்திலேயே கொடுத்துவிடுவது நல்லது.

வங்கி மறுப்பதற்கும் கட்டுப்பாடு உண்டு. ஆவணம் கைக்கு வந்த மறுநாளிலிருந்து ஐந்து வங்கி வேலை நாட்களுக்குள், எல்லாக் குறைகளையும் ஒரே அறிவிப்பில் பட்டியலிட வேண்டும். இதில் தவறினால் குறை சொல்லிப் பணத்தை மறுக்கும் உரிமையை அது இழக்கிறது.

மறுப்பு முறையாக வந்துவிட்டால் வங்கியின் வாக்கு விலகிக்கொள்கிறது. இனிப் பணம் வருவது வாங்குபவரின் இசைவைப் பொறுத்தது. பெரும்பாலும் அவர் ஏற்றுக்கொள்வார். சந்தையில் விலை இறங்கியிருந்தால் தள்ளுபடி கேட்பார். சரக்கு ஹாம்பர்க்கில் இறங்கி டெமரேஜ் ஏறிக்கொண்டிருக்கும் நேரத்தில், அந்தப் பேரத்தில் ஏற்றுமதியாளரின் கை தாழ்ந்தே இருக்கும்.