திண்டிவனத்தில் 32-ஐ விட்டுவிடுங்கள்

கையில் ரோடு அட்லஸ் மட்டும் இருக்கிறது, போனில் மேப் வரவில்லை. சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்குப் போக வேண்டும். சுமார் 700 கிலோமீட்டர்.

முதலில் அட்லஸ் எந்த வருடத்தில் அச்சானது என்று பாருங்கள். தேசிய நெடுஞ்சாலைகளுக்கு 2010-இல் புது எண்கள் அறிவிக்கப்பட்டன. பழைய அட்லஸில் இந்தப் பயணம் திருச்சி வரை 45, மதுரை வரை 45பி, அதற்குப் பிறகு 7 என்று இருக்கும். இன்று சாலையோரப் பலகையில் அந்த எண்கள் கிடையாது. திண்டிவனம் வரை 32, விழுப்புரம் வரை 132, திருச்சி வழியாக மதுரை வரை 38, அங்கிருந்து 44. பழைய அட்லஸ்தான் இருக்கிறதென்றால் புது எண்களைப் பென்சிலால் பக்கத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். ஊர்களும் தூரங்களும் பெரிதாக மாறியிருக்காது.

புது எண்களில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. வடக்கு தெற்காகப் போகும் முக்கியச் சாலைகளுக்கு இரட்டைப்படை எண். கிழக்கிலிருந்து மேற்கே போகப் போக எண் கூடும். அதனால்தான் 32 கடலோரமாகவும், 38 உள்ளே தள்ளியும், 44 இன்னும் மேற்கிலும் ஓடுகின்றன. மூன்று இலக்க எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்கள் தாய்ச்சாலையைச் சொல்லும். 132 என்பது 32-இன் கிளை.

இந்தப் பயணத்தில் ஏமாற்றும் இடமே திண்டிவனம்தான். சாலை திருச்சிப் பக்கம் நேராகத்தான் போகிறது, எண் மட்டும் மாறிவிடுகிறது. எண்ணையே நம்பி 32-ஐப் பிடித்துக்கொண்டு போனால் புதுச்சேரி, கடலூர், சிதம்பரம் என்று கடற்கரைக்குப் போய்விடுவீர்கள். மதுரையிலும் இதே கதை: 38-ஐ விடாமல் போனால் அருப்புக்கோட்டை வழியாகத் தூத்துக்குடிதான். ஆகவே எண்ணோடு அடுத்த பெரிய ஊரின் பெயரையும் தூரத்தையும் சேர்த்துத் துண்டுச் சீட்டில் எழுதி டேஷ்போர்டில் ஒட்டிவிட வேண்டும். ‘132, விழுப்புரம்’, ‘38, திருச்சி’, ‘44, விருதுநகர்’ என்ற அளவு போதும்.

ஒவ்வொரு திருப்பத்திலும் டிரிப் மீட்டரைப் பூஜ்யமாக்குங்கள். அட்லஸில் இரண்டு ஊர்களுக்கு நடுவே சிறிய எழுத்தில் தூரம் போட்டிருக்கும். அதைத் தாண்டி ஐந்தாறு கிலோமீட்டர் ஓடியும் அந்த ஊரின் பலகை கண்ணில் படவில்லையென்றால், பெரும்பாலும் பைபாஸில் ஊரைக் கடந்திருப்பீர்கள். பழைய அட்லஸ் சாலையை ஊருக்குள்ளேதான் காட்டும். அடுத்த மைல்கல்லைப் பாருங்கள். தலை மஞ்சளாக இருந்தால் தேசிய நெடுஞ்சாலை, பச்சையாக இருந்தால் மாநில நெடுஞ்சாலை. பச்சை தெரிந்தால் எங்கோ பிரிந்து வந்துவிட்டீர்கள் என்று அர்த்தம். மைல்கல்லே இல்லாத இடத்தில் கடைகளின் பெயர்ப்பலகை உதவும். கீழ்வரியில் பெரும்பாலும் ஊர்ப்பெயர் இருக்கும். அதை அட்லஸில் தேடிப் பிடித்த பிறகு வண்டியைத் திருப்பலாம்.