எட்டாம் நாள் காய்ச்சல்

தட்டம்மை ஊசி வேண்டாம் என்று சொல்லும் குடும்பங்கள் பல நேரம் உண்மைக் காரணத்தை முதலில் சொல்வதில்லை. அதை ஒரு சிறு கதையாகச் சொல்கிறேன். ஆட்கள் கற்பனை. நடப்பவை கிராமங்களில் நடப்பவைதான்.

ஒரு கிராமம் என்று வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைக்குப் பத்து மாதம் ஆகிவிட்டது. ஒன்பது மாதம் முடிந்ததும் போட வேண்டிய தட்டம்மை-ருபெல்லா ஊசிக்கு அழைத்தும் வரவில்லை. அப்பா வேலை முடிந்து திரும்பும் நேரம் பார்த்துக் கிராம சுகாதார செவிலியர் அந்த வீட்டுக்குப் போகிறார்.

“செல்லுல வந்துச்சு நர்சம்மா, இந்த ஊசி பிள்ளைங்களுக்கு ஆகாதாம்” என்கிறார் அப்பா. 2017 பிப்ரவரியில் 9 மாதம் முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு இந்த ஊசியைத் தமிழ்நாடு முழுக்கப் போட்டபோதும் வாட்ஸ்அப்பில் இப்படித்தான் பரவியது. செவிலியர் வாதத்துக்குப் போகவில்லை.

“முன்ன போட்ட ஊசியில பாப்பாவுக்கு ஏதாச்சும் ஆச்சாம்மா?” என்று தாயிடம் கேட்கிறார்.

அந்தக் கேள்விக்குத்தான் அந்த வீடு காத்திருந்தது. இரண்டரை மாதத்தில் போட்ட ஊசிக்கு அன்று ராத்திரியே காய்ச்சல். தொடை கல்லாட்டம் வீங்கிவிட்டது. விடியும்வரை அழுகை. ஆட்டோ பிடித்து டவுன் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். அப்பாவுக்கு இரண்டு நாள் கூலி போயிற்று. “காய்ச்சல் வரும்னு ஒருத்தரும் சொல்லல. அப்புறமும் யாரும் வந்து கேக்கல” என்கிறாள் தாய்.

“சொல்லாதது எங்க தப்புதாம்மா” என்று ஒப்புக்கொண்டு, இந்த ஊசி எப்படி வேறு என்று செவிலியர் விளக்குகிறார். அன்று போட்டது பென்டாவேலன்ட். அதற்குக் காய்ச்சலும் வீக்கமும் ஓரிரு நாளுக்குள் வந்து அடங்கிவிடும். தட்டம்மை ஊசியில் இருப்பது உயிருள்ள, ஆனால் வீரியம் குறைக்கப்பட்ட கிருமி. அது உடம்பில் மெதுவாகப் பெருகித்தான் எதிர்ப்புச் சக்தியை உண்டாக்கும். அதனால் காய்ச்சல் வந்தால் ஏழு முதல் பன்னிரண்டு நாளுக்குள் வரும். எல்லாக் குழந்தைக்கும் வராது. சிலருக்கு லேசாகத் தடிப்பும் தெரியும். ஓரிரு நாளில் போய்விடும். இது முன்கூட்டியே தெரியாத வீட்டில் ஊசி போட்ட நாள் மறந்தே போயிருக்கும். திடீரென்று காய்ச்சலும் தடிப்பும் கண்டால் ஊசியே அம்மையைக் கொடுத்துவிட்டது என்று ஊரெல்லாம் பேச்சாகும்.

“அன்னிக்கு மூணு ஊசி இருக்கும்” என்பதையும் அவர் மறைக்கவில்லை. தட்டம்மை வலது கையில், போலியோ இடது கையில், நிமோகாக்கல் தொடையில். கூடவே வைட்டமின் ஏ மருந்து வாயில்.

திண்ணையில் இருந்த பாட்டி இப்போதுதான் வாய் திறக்கிறாள். “ஆத்தா வர்றத ஊசி போட்டுத் தடுக்கலாமாடி?”

“நீங்க கும்பிடறத விட வேணாம் ஆயா. உங்க காலத்துல மணல்வாரி கண்ட பிள்ளைங்க எல்லாம் எந்திரிச்சிடுச்சா?”

பாட்டி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “என் தங்கச்சி புள்ளைக்கு வந்து எறங்கிச்சு. கண்ணு போயிடுச்சு” என்றாள். தட்டம்மை உடம்பிலுள்ள வைட்டமின் ஏ சத்தைக் கரைத்துவிடும். சத்துக்குறைவான குழந்தைக்குப் பார்வையே போகலாம். நிமோனியா, பேதி, மூளைக்காய்ச்சலும் வரலாம். பழைய நோய்களுக்கு எதிராக உடம்பு சேர்த்திருந்த எதிர்ப்புச் சக்தியையும் அழித்துவிடுவதால், தடிப்பு மறைந்த பிறகும் குழந்தை பல மாதங்கள் மற்ற நோய்களுக்கு எளிதில் ஆளாகும்.

“தாய்ப்பால் குடிக்கிற புள்ளதானே” என்கிறார் அப்பா. பிறக்கும் முன்பே தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி ஒன்பது மாதத்துக்குள் பெரும்பாலும் தேய்ந்துவிடுகிறது. அது நிறைய இருக்கும்போது போட்டால் ஊசி சரியாக வேலை செய்யாது. ரொம்பவும் தள்ளினால் குழந்தை காப்பில்லாமல் நிற்கும். இரண்டுக்கும் நடுவில் பார்த்துத்தான் இந்த ஒன்பது மாதக் கணக்கு.

அடுத்த புதன்கிழமை மூவருமே வருகிறார்கள். சளி லேசாக இருக்கிறதே என்று தாய் தயங்க, அதற்காக ஊசியைத் தள்ளிப்போட வேண்டியதில்லை என்கிறார் செவிலியர். மருந்து தூளாக வரும். அதற்குரிய திரவத்தில் கலக்க வேண்டும். கலந்தபின் நான்கு மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும், மீந்ததைக் கொட்டிவிட வேண்டும். புட்டியில் எழுதிய கலந்த நேரத்தை அப்பாவிடம் காட்டுகிறார். ஊசிக்குப் பிறகு அரை மணி நேரம் அங்கேயே உட்கார வைக்கிறார். அரிதாக வரும் கடும் ஒவ்வாமை பெரும்பாலும் அதற்குள் தெரிந்துவிடும்.

ஏழாம் நாள் செவிலியரே போன் செய்கிறார். காய்ச்சல் இல்லை. எட்டாம் நாள் காய்கிறது. இந்த முறை ஆட்டோ தேடவில்லை; பால் கொடுத்து, அவர் எடைக்குத் தக்கபடி அளவு சொல்லியிருந்த பாராசிட்டமால் சிரப்பைக் கொடுக்கிறார்கள். வலிப்பு வந்தாலோ, குழந்தை பால் குடிக்காமல் சோர்ந்து கிடந்தாலோ, மூச்சு வாங்கினாலோ உடனே வரச் சொல்லியிருந்தார். அப்படி எதுவும் இல்லை. மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது.

ஒன்பது மாதத்தில் போடும் முதல் ஊசி நூறு குழந்தைகளில் ஏறக்குறைய 85 பேருக்குத்தான் காப்புத் தரும். மற்றவர்களுக்காகத்தான் 16 முதல் 24 மாதத்துக்குள் இரண்டாவது ஊசி. உங்கள் வீட்டுக் குழந்தையின் தடுப்பூசி அட்டையில் அந்த இரண்டாவது கட்டம் காலியாக இருந்தால், இந்த வாரமே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.