நனவோடையும் தொங்கல் கணக்கும்

லா.ச.ராமாமிர்தத்தின் 'அபிதா' (1970) நாவலை முதல் தடவை பாதியிலேயே மூடி வைத்துவிட்டேன். கதை எங்கே என்று தேடிக் களைத்ததுதான் மிச்சம். பல வருடங்கள் கழித்து இங்கே ஹென்டர்சனில் திரும்ப வாசித்தபோதுதான் என் பிழை விளங்கியது. "அடுத்து என்ன நடந்தது?" என்றே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். அந்த நாவலில் நடப்பது கொஞ்சம்தான். அம்பி மனைவியோடு கரடிமலைக்குத் திரும்பி வருகிறார். இளமையில் நேசித்த சகுந்தலை உயிரோடு இல்லை. அவளுடைய மகள் அபிதாவில் அவளையே காண்கிறார். ஆகவே அங்கே கேட்க வேண்டிய கேள்வி, "இந்த வரியில் அவர் பார்ப்பது தாயையா, மகளையா?" என்பதுதான்.

மனத்தில் ஓடுவதை ஓடுகிறபடியே எழுதுவதை நனவோடை என்கிறோம். அதை எப்படிப் பிடிப்பது என்று காட்ட, நானே சில வரிகள் எழுதிப் பார்த்தேன்:

"கேத்தல் கொதிக்கிறது. சீனி வேண்டாம். சீனிக்கு வரிசையில் நின்றான், குடையும் இல்லாமல். நனைந்துபோனான். ரயில் போகிறது, ஐந்தரை இருக்கும். படலையைப் பூட்டாதே, அவன் வருவான்."

முதலில் உடம்பு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். 'கொதிக்கிறது', 'போகிறது' என்ற நிகழ்கால வினைகள் அதைச் சொல்லிவிடுகின்றன: மாலை, ஒரு குசினி, வெளியே ரயில் சத்தம். கதை அவ்வளவுதான்.

அடுத்தது, மனம் எதைப் பிடித்துத் தாவியது? சீனி. அந்தச் சொல்லில் ஏறி அது பழைய வரிசைக்குப் போய்விட்டது. அங்கே வினை 'நின்றான்' என்று இறந்தகாலமாகிறது. காலம் மாறும் இடமே தாவிய இடம். தமிழில் எழுவாய் இல்லாவிட்டாலும் வினைமுடிவு ஆணா பெண்ணா என்று காட்டிவிடும். ஜேம்ஸ் ஜோய்ஸின் 'யூலிஸிஸ்' (1922) கடைசி அத்தியாயத்தில் இரவில் படுத்திருக்கும் ஒரு பெண்ணின் நினைவு எட்டே நீண்ட வாக்கியங்களாக ஓடுகிறது. அதில் 'அவன்' என்று வருவது சில இடங்களில் கணவன், சில இடங்களில் வேறொருவன். அங்கே வினைமுடிவும் உதவாது, சூழலை வைத்துத்தான் பிரிக்க வேண்டும்.

மூன்றாவது, திரும்பி வருவது எது? அவன்தான். ஹென்டர்சன் வீட்டில் படலை ஏது? கடைசி வரியில் அவள் ஊரில் நிற்கிறாள். இறந்தகாலத்தில் போனவனுக்கு அங்கே 'வருவான்' என்று எதிர்காலம் வருகிறது. பந்தியின் பாரம் முழுவதும் அந்த ஒரு வினையில் இருக்கிறது.

அவன் யார் என்று உடனே முடிவு கட்டாதீர்கள். பரீட்சை மீதி பொருந்தாவிட்டால் வித்தியாசத்தைத் தொங்கல் கணக்கில் போட்டுவிட்டு மேலே வேலை செய்வோம். அப்படியே 'அவன்' என்று குறித்துக்கொண்டு வாசியுங்கள். அநேகமாகப் பின்னால் ஒரு பக்கத்தில் தீரும். சில கதைகளில் கடைசிவரை தீராது. கணக்கில் அது பிழை. இங்கே அந்தத் தீராத மீதிதான் எழுத்தாளர் சொல்ல வந்தது: அவள் இன்னும் படலையைப் பூட்டவில்லை.