ஒதுக்கிய பணம் யார் கையில்?

2007 மார்ச்சில் பிரிட்டிஷ் அமைச்சர் டெஸ்ஸா ஜோவல் நாடாளுமன்றத்தில் எழுந்து லண்டன் ஒலிம்பிக்ஸின் புதிய செலவுக் கணக்கைச் சொன்னபோது நாடே அதிர்ந்தது. போட்டியை நடத்தும் உரிமை கேட்டு விண்ணப்பித்தபோது அரசுப் பணம் ஏறத்தாழ 240 கோடி பவுண்டு போதும் என்றிருந்தார்கள். இப்போது 932.5 கோடி என்றார்கள். ஏறக்குறைய நான்கு மடங்கு.

அந்தத் தொகைக்குள் 270 கோடி பவுண்டுக்கும் மேலான ஒரு பகுதி, எந்த மைதானத்துக்கும் எந்தப் பாலத்துக்கும் எழுதப்படாதது. எதிர்பாராமல் வருவதற்கென்று தனியே எடுத்துவைத்த பணம் அது. 'செலவு கைமீறும் என்று இப்போதே ஒப்புக்கொள்கிறார்களா, அல்லது அதிகாரிகள் தாராளமாகச் செலவழிக்க வழி பண்ணிக்கொள்கிறார்களா?' என்று கேட்கத் தோன்றும். அதற்கு விடை தொகையின் அளவில் இல்லை. பணம் எத்தனை அடுக்காகப் பிரிந்திருக்கிறது, ஒவ்வோர் அடுக்கையும் தொட யாருக்கு உரிமை என்பதில் இருக்கிறது.

மைதானங்களையும் பூங்காவையும் கட்டும் பொறுப்பு ஒலிம்பிக் டெலிவரி அத்தாரிட்டி என்ற அமைப்பிடம் இருந்தது. அதற்கான 809.9 கோடி பவுண்டை மூன்றாகப் பிரித்தார்கள். வேலைகளுக்கான அடிப்படைத் தொகை 612.7 கோடி. திட்டத்துக்குள் வரக்கூடிய இடர்களுக்கு 96.8 கோடி. அந்த அமைப்பின் கட்டுப்பாட்டுக்கு வெளியே எழும் நெருக்கடிகளுக்கு 100.4 கோடி; இதற்கு நிதி கொடுப்போர், அதாவது அமைச்சர்கள் மட்டத்துக் குழு, சம்மதிக்க வேண்டும்.

திட்ட மேலாண்மைப் பாடநூல்கள் சொல்லும் பிரிவும் கிட்டத்தட்ட இதுதான். முதல் வகைக்கு கான்டிஜென்சி ரிசர்வ் என்று பெயர். வரலாம் என்று முன்கூட்டியே பட்டியல் போட்ட இடர்களுக்கான பணம் அது. திட்ட மேலாளர் கையில் இருக்கும். இரண்டாவது மேனேஜ்மென்ட் ரிசர்வ். பட்டியலிலேயே இடம்பெறாத ஒன்று, ஒப்புக்கொண்ட வேலைக்குள்ளேயே முளைத்தால் அதைச் சமாளிப்பதற்கு. அதன் பொறுப்பு மேலிடத்துக்கு. முதலாவது காஸ்ட் பேஸ்லைனுக்கு உள்ளே இருக்கும். இரண்டாவது பேஸ்லைனுக்கு வெளியே, ஆனால் பட்ஜெட்டுக்கு உள்ளே இருக்கும்.

காஸ்ட் பேஸ்லைன் என்பது எந்த மாதம் எவ்வளவு செலவாக வேண்டும் என்று காலவாரியாகப் பிரித்து, ஒப்புதல் பெற்று வைத்த கணக்கு. திட்டம் ஒழுங்காகப் போகிறதா என்று மாதா மாதம் அளப்பது அதை வைத்துத்தான். எனவே ஒரு தொகை அதற்குள் இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்பது வெறும் கணக்கெழுதும் முறை அல்ல.

சின்னதாக ஓர் எண்ணிக்கையில் பார்ப்போம். ஒரு கடலோர ஊரில் பள்ளிக்கூடம் கட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வேலைகளின் மதிப்பீடு 10 கோடி ரூபாய். பொறியாளர்கள் உட்கார்ந்து மூன்று இடர்களை எழுதுகிறார்கள். அஸ்திவாரம் தோண்டும்போது ஊற்று பீறிட்டு, மோட்டார் வைத்து இறைக்க வேண்டிவரலாம்: நூற்றுக்கு 40 வாய்ப்பு, வந்தால் 50 லட்சம். கம்பி விலை ஏறலாம்: 50 வாய்ப்பு, 40 லட்சம். வடகிழக்குப் பருவமழை வேலையை நிறுத்தலாம்: 50 வாய்ப்பு, 30 லட்சம். வாய்ப்பையும் தொகையையும் பெருக்கினால் முறையே 20, 20, 15 லட்சம். கூட்டினால் 55 லட்சம். இதுதான் கான்டிஜென்சி ரிசர்வ்.

பேஸ்லைன் ஆகவே 10 கோடியே 55 லட்சம். அதற்கு மேல், யாரும் நினைத்துப் பார்க்காததற்கென்று பள்ளி நிர்வாகம் 50 லட்சத்தைத் தன்னிடமே நிறுத்திவைக்கிறது. மொத்த பட்ஜெட் 11 கோடியே 5 லட்சம். இந்த 50 லட்சத்துக்குப் பெருக்கல் கணக்கு கிடையாது; பட்டியலில் இல்லாததற்கு வாய்ப்பு விகிதம் எங்கிருந்து வரும்? மொத்தச் செலவில் இத்தனை சதவீதம் என்று, பழைய அனுபவத்தை வைத்து முடிவு செய்வதுதான் வழக்கம்.

வேலை தொடங்கிய முதல் மாதமே ஊற்று வந்துவிட்டது. செலவு 35 லட்சம். மேலாளர் யாரையும் கேட்க வேண்டியதில்லை. 55 லட்சத்திலிருந்து எடுக்கிறார். பேஸ்லைன் இம்மியும் நகரவில்லை. ஊற்றுக்கென்று கணக்கில் இருந்தது 20 லட்சம்தானே என்றால், அந்த 55 லட்சம் எல்லா இடர்களுக்கும் பொதுவானது. ஆனால் தேர்ந்த மேலாளர் இங்கே ஒரு கணம் நிற்பார். கையில் மீதி 20 லட்சம். இன்னும் வராத இடர்கள் இரண்டு, அவற்றின் கணக்கு 35 லட்சம். இருப்பு, காத்திருக்கும் இடரைவிடக் குறைந்துவிட்டது. செலவு இன்னும் எல்லைக்குள்தான் இருக்கிறது. எச்சரிக்கை மட்டும் முன்னதாகவே வந்துவிட்டது. மாதாந்திர அறிக்கையில் இந்த இரண்டு எண்களையும் அருகருகே போடாதவர்களுக்கு இது தெரியவே தெரியாது.

அடுத்தது வேறு மாதிரி. தோண்டிய இடத்தில் எந்த வரைபடத்திலும் இல்லாத ஒரு பழைய குடிநீர்க் குழாய். ஊருக்கே தண்ணீர் போகும் பாதை. மாற்றிப் போட 30 லட்சம் ஆகும். பட்டியலில் இல்லாத சங்கதி என்பதால் மேலாளர் கான்டிஜென்சியில் கை வைக்கக் கூடாது. எழுத்தில் மாற்றக் கோரிக்கை கொடுக்கிறார். நிர்வாகம் ஒப்புகிறது. இப்போது மேனேஜ்மென்ட் ரிசர்வ் 50-லிருந்து 20 லட்சமாக இறங்குகிறது. பேஸ்லைன் 10 கோடியே 85 லட்சமாக ஏறுகிறது. மொத்த பட்ஜெட் அதே 11 கோடியே 5 லட்சம். பணம் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு நகர்ந்த தடம் கணக்கில் அப்படியே நிற்கும். அடுத்த பள்ளி கட்டும்போது, வரைபடத்தில் இல்லாத குழாய் என்பது இடர்ப் பட்டியலில் ஏறியிருக்கும். அன்றைக்கு அது கான்டிஜென்சியின் கவலை.

கட்டடம் பாதி எழும்பியபின் நிர்வாகமே வந்து 'மேலே இன்னொரு மாடி வேண்டும்' என்றால், அது இரண்டு ரிசர்வுக்கும் உரியதல்ல. அது புதிய வேலை. அதற்குப் புதிய பணம்தான் வர வேண்டும்.

'எல்லாம் ஒரே கஜானாதானே, 50 லட்சத்தையும் பேஸ்லைனிலேயே போட்டுவிட்டால் என்ன?' என்று கேட்கலாம். குழாய் விவகாரத்துக்கு முந்தைய நிலைமையையே எடுத்துக்கொள்வோம். பாதி வேலை முடிந்திருக்கிறது. செலவு 5 கோடியே 60 லட்சம். பேஸ்லைன் 10.55 கோடி என்றால் முடிந்த வேலையின் மதிப்பு 5.275 கோடி. செலவழித்த ஒவ்வொரு ரூபாய்க்கும் கிடைத்த வேலை 94 பைசா. உடனே ஆராய வேண்டிய நிலை. அதே 50 லட்சத்தைக் கலந்து 11.05 கோடியைப் பேஸ்லைன் ஆக்கினால் முடிந்த வேலையின் மதிப்பு 5.525 கோடியாகத் தெரியும். ரூபாய்க்கு 99 பைசா. கட்டடமும் செலவும் அதேதான். அறிக்கையில் மட்டும் எல்லாம் நலம். மேனேஜ்மென்ட் ரிசர்வைப் பேஸ்லைனுக்கு வெளியே நிறுத்துவதற்கு இதுவே முதற்காரணம்.

இந்தப் பெருக்கல் முறைக்கும் ஓர் எல்லை உண்டு. மூன்று இடரும் சேர்ந்து வந்தால் செலவு 120 லட்சம், ஒதுக்கியதோ 55. சராசரி என்பது பல இடர்கள் இருக்கும்போதுதான் ஓரளவு பலிக்கும். ஆகவே பெரிய திட்டங்களில் எல்லா இடர்களையும் கணினியில் ஆயிரக்கணக்கான முறை உருட்டிப் பார்த்து, பத்தில் எட்டு முறை போதுமாக இருக்கும் தொகை எது என்று தேர்ந்தெடுப்பதும் உண்டு.

லண்டனில் சோதனை 2008-ல் வந்தது. வீரர்கள் தங்கும் ஒலிம்பிக் கிராமத்தைத் தனியார் முதலீட்டில் கட்டுவதாகத் திட்டம். உலக நிதி நெருக்கடியில் வங்கிகள் கதவை அடைத்தன. முதலீடு கிடைக்காமல் போகலாம் என்பது யாரும் ஊகிக்கக்கூடிய இடர்தான். உலகத்துக் கடன் சந்தையே உறைந்துபோகும் என்பது ஒரு கட்டுமான அமைப்பின் பட்டியலில் இருக்கக்கூடியதா? இரண்டு வகைக்கும் நடுவே உள்ள கோடு இப்படித்தான் மங்கும். 2009 ஜனவரியில் கிராமத்துக்கும் ஊடக மையத்துக்குமாக எதிர்பாராச் செலவு நிதியிலிருந்து 46.1 கோடி பவுண்டை விடுவிப்பதாக அரசு அறிவித்தது. மே மாதம் கிராமத்துக்கு மேலும் 32.4 கோடி வந்தது. எவ்வளவு, எதற்கு என்பது அன்றே பொதுவெளியில் பதிவானதால், கிராமத்தின் பெரும்பகுதியை 2011-ல் 55.7 கோடி பவுண்டுக்கு விற்றபோது போட்ட பணத்தோடு அதை ஒப்பிட முடிந்தது.

2011 டிசம்பரில் இன்னொரு கணக்கு வெளிவந்தது. அரங்குகளின் பாதுகாப்புக்கு 10,000 காவலர்கள் என்று போட்டிருந்த ஊகம் 23,700 ஆனது, செலவு 28.2 கோடியிலிருந்து 55.3 கோடி பவுண்டாக ஏறியது. எந்த அரங்குக்கும் காவல் வேண்டும் என்பது முதல் நாளே தெரிந்ததுதானே? மதிப்பீடு சரியாகப் போடாததன் விலை அது. மொத்தத் தொகைக்குள் இடம் இருந்ததால் பணம் கிடைத்தது. இப்படிப்பட்ட குறைகள் தாராளமான ரிசர்வுக்குள் சத்தமில்லாமல் மறைந்துவிடும் என்பதுதான் அதன் ஆபத்து. போட்டிகள் முடிந்த மறு ஆண்டு, ஒதுக்கீட்டில் 52.8 கோடி பவுண்டு மிச்சம் என்று அரசு அறிவித்தது.

நம் ஊர்ப் பொதுப்பணி மதிப்பீடுகளிலும் கடைசியில் எதிர்பாராச் செலவு என்று இரண்டரை, மூன்று சதவீதம் ஒரே வரியில் சேர்ப்பது பழைய வழக்கம். அந்த வரி எந்த இடருக்கு என்று பட்டியல் இல்லாவிட்டால், வராத இடரின் பணம் தானாகத் திரும்பிவராது. பள்ளிக் கட்டட உதாரணத்தில் மழைக்காலம் சேதமின்றிக் கடந்துவிட்டால் அதற்கான 15 லட்சத்தின் வேலை அங்கே முடிந்தது. மற்ற இடர்களுக்கு இருப்பு போதுமென்றால் அதை நிர்வாகத்திடம் ஒப்படைக்க வேண்டும். பட்டியல் இல்லாத இடத்தில் அதே 15 லட்சம் தரைக்கு கிரானைட்டாகவோ முகப்புக்கு வளைவாகவோ மாறியிருக்கும். செலவும் மதிப்பீட்டுக்குள்ளேயே நின்றிருக்கும்.