ஒரே அட்டை, ஒரே கொள்ளளவு, இரண்டு பெட்டிகள்

12 செ.மீ. பக்கமுள்ள சதுர அட்டை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு மூலைகளிலும் ஒரே அளவுச் சதுரத்தை வெட்டி எடுத்துவிட்டு, மீதியை மடித்து நிமிர்த்தினால் மூடியில்லாத பெட்டி கிடைக்கும். வெட்டிய சதுரத்தின் பக்கம் x என்றால் பெட்டியின் உயரம் x, அடிப்பக்கம் 12 − 2x, கொள்ளளவு x(12 − 2x)².

இனி கேள்வி. k கன செ.மீ. கொள்ளும் பெட்டி வேண்டுமானால் அட்டையை எத்தனை விதமாக வெட்டலாம்? அதாவது x(12 − 2x)² = k என்ற முப்படிச் சமன்பாட்டுக்கு எத்தனை மெய் மூலங்கள்? k மாறிக்கொண்டே இருக்கும் எண். கணிதத்தில் இதைத் துணையலகு என்பார்கள். ஒவ்வொரு k-க்கும் சமன்பாட்டைத் தீர்த்துப் பார்ப்பது பெரிய வேலை. முப்படிக்குச் சூத்திரம் உண்டென்றாலும், மூன்று மூலங்களும் வெவ்வேறு மெய்யெண்களாக இருக்கும் இடத்திலேயே அது எதிர்மறை எண்ணின் வர்க்கமூலத்தைக் கொண்டுவந்து நிறுத்தும். நமக்கு வேண்டியதோ எண்ணிக்கை மட்டும். அதற்குத் தீர்க்கவே வேண்டாம்.

y = x(12 − 2x)² என்ற வளைவைத் தாளில் வரையுங்கள். அதன்மேல் ஒரு ஸ்கேலைக் கிடையாக வையுங்கள். ஸ்கேல் இருக்கும் உயரம்தான் k. அது வளைவை எத்தனை இடத்தில் வெட்டுகிறதோ அத்தனை மூலங்கள். ஸ்கேலை மெல்ல மேலே நகர்த்தினால், வளைவு திரும்பும் உயரங்களில் மட்டுமே இந்த எண்ணிக்கை மாறும். ஏறிக்கொண்டே போகும் துண்டையோ, இறங்கிக்கொண்டே போகும் துண்டையோ கிடைக்கோடு ஒரு முறைக்கு மேல் வெட்ட முடியாது என்பதே காரணம்.

திரும்பும் இடங்களை வகைக்கெழு காட்டிவிடும். இங்கே அது 12(x − 2)(x − 6). ஆகவே வளைவு x = 2 வரை ஏறுகிறது, 6 வரை இறங்குகிறது, பிறகு ஓயாமல் ஏறுகிறது. x = 2-இல் உயரம் 128; x = 6-இல் 0. இந்த இரண்டும்தான் மாறுநிலை மதிப்புகள். k இவ்விரண்டுக்கும் நடுவில் இருந்தால் மூன்று மூலங்கள். 128-ஐத் தாண்டினாலோ, 0-க்குக் கீழே போனாலோ ஒன்றே ஒன்று. சரியாக 128 என்றால் x = 2 இரட்டை மூலம், இன்னொன்று 8. அப்போது வெவ்வேறு மூலங்கள் இரண்டுதான்; பரீட்சையில் பலர் மதிப்பெண் இழக்கும் இடம் இது.

k = 100 என்று வைத்துப் பார்ப்போம். x = 1 பொருந்துகிறது. அதை வகுத்து எடுத்தால் x² − 11x + 25 = 0 மிஞ்சும்; அதன் மூலங்கள் சுமார் 3.21, 7.79. மூன்று மூலங்கள் உண்டு, ஆனால் 7.79 செ.மீ. வெட்ட 12 செ.மீ. அட்டையில் இடமில்லை. தட்டையான பெட்டி ஒன்று, உயரமான பெட்டி ஒன்று என இரண்டே வழி. k = 130 என்றால் ஒரு மூலம் இருக்கிறது, பெட்டிதான் இல்லை. மூலங்களை எண்ணி முடித்த கையோடு, x எந்த எல்லைக்குள் இருக்க வேண்டும் என்பதையும் பார்த்தாக வேண்டும்.

வரைபடத்தைக் கண்ணால் பார்த்து முடிவு செய்வதும் ஆபத்து. k = 127.99 என்றால் சிறிய மூலங்கள் இரண்டும் ஏறத்தாழ 1.98, 2.02. தாளில் அவை ஒரே புள்ளியாகத்தான் தெரியும். 128 என்ற எண்ணைத் துல்லியமாகக் கணக்கிட்டவருக்கே அவை இரண்டு என்பது நிச்சயம்.

வகைக்கெழு என்ற சொல்லே பிறக்காத 12-ஆம் நூற்றாண்டில் பாரசீகக் கணித அறிஞர் ஷரஃபுத்தீன் அத்-தூசி இந்த வழியில் நடந்திருக்கிறார் என்பது எனக்கு இன்றும் வியப்பு. நம் சமன்பாட்டில் 6 − x என்பதை u என்று எழுதினால் u²(6 − u) = k/4 ஆகிறது. அவர் ஆராய்ந்த வடிவங்களில் இதுவும் ஒன்று. இடப்பக்கம் அதிகபட்சமாக எவ்வளவு போகும் என்று முதலில் கண்டார்: u = 4 ஆகும்போது 32. வலப்பக்கம் அதைவிடப் பெரிதென்றால் தீர்வில்லை, சமமென்றால் ஒன்று, சிறிதென்றால் இரண்டு. எதிர்மறை எண்களை அவர் தீர்வாக ஏற்கவில்லை. நாம் தள்ளிய 7.79-க்கு u எதிர்மறைதான். ஆகவே இரண்டு கணக்கும் ஒத்துப்போகின்றன.

துணையலகு எப்போதும் இப்படித் தனியே பிரிந்து நிற்காது. x³ − 3ax + 2 = 0 என்பதில் a நடுவே உட்கார்ந்திருக்கிறது; அது மாறினால் வளைவே உருமாறும். a நேர்மம் என்றால் திரும்பும் இடங்கள் ±√a, அங்கே மதிப்புகள் 2 − 2a√a, 2 + 2a√a. இரண்டாவது எப்போதும் நேர்மம். முதலாவது எதிர்மறையானால், அதாவது a > 1 என்றால், மூன்று மூலங்கள். a = 1 என்றால் 1 இரட்டை மூலம், மற்றது −2. அதற்குக் கீழே ஒன்றுதான். a பூஜ்யமோ எதிர்மறையோ ஆனால் வளைவு திரும்புவதே இல்லை. அப்போதும் ஒரு மூலம்தான். இந்தக் கடைசி நிலையை விட்டுவிட்டால் விடை முழுமையாகாது.

வீட்டில் 18 செ.மீ. அட்டை இருந்தால் 400 கன செ.மீ. பெட்டி செய்து பாருங்கள். 4 செ.மீ. வெட்டினால் ஒரு பெட்டி கிடைக்கும். இன்னொரு வெட்டு 2-க்கும் 3-க்கும் நடுவில் இருக்கிறது.