பும்ராவுக்கே முதுகு பிடித்தது ஏன்? வேகப்பந்து வீச்சாளரின் வாரப் பயிற்சியை எப்படித் திட்டமிடுவது?

2024 டிசம்பரில் மெல்போர்ன் டெஸ்டில் ஜஸ்பிரித் பும்ரா வீசியது 53.2 ஓவர், அதாவது 320 பந்துகள். அடுத்த சில நாட்களில் சிட்னி டெஸ்ட். அங்கே முதல் இன்னிங்ஸில் 10 ஓவர் போட்டதும் முதுகு பிடித்துக்கொள்ள, இரண்டாவது இன்னிங்ஸில் பந்தையே தொடவில்லை. சாம்பியன்ஸ் டிராபியையும் தவறவிட்டார்.

பந்து எண்ணிக்கை ஏன் முக்கியம்?

நிறைய போடுவதை விட, திடீர்னு கூட்டிப் போடுவதுதான் ஆபத்து. குயிலாப்பாளையத்தில் பயிற்சி செய்யும் 17 வயதுப் பையன் ஒருவனை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். கடந்த நான்கு வாரங்களில் 90, 110, 100, 100 பந்துகள் போட்டிருக்கிறான். சராசரி 100. இந்த வாரம் டோர்னமென்ட்டில் நான்கு மேட்ச், தலா 4 ஓவர் என்றால் 96 பந்து. வழக்கமான வலைப்பயிற்சி 104 பந்தும் சேர்ந்தால் 200. சராசரியைப் போல இரண்டு மடங்கு!

ஆஸ்திரேலியப் பந்துவீச்சாளர்கள் பற்றி 2014-ல் வெளியான ஆய்வில், இப்படி இரண்டு மடங்கைத் தாண்டியவர்களுக்கு அடுத்த வாரம் காயம் ஏற்படும் வாய்ப்பு சுமார் மூன்று மடங்காக இருந்தது. 'இன்னைக்கு வலிக்கலையே' என்று நம்ப முடியாததற்குக் காரணம் இதுதான்.

தீர்வு எளிது. டோர்னமென்ட் வாரத்தில் வலைப்பயிற்சியை 24 பந்தோடு நிறுத்தினால் மொத்தம் 120. டென்னிஸ் பந்தில் முழு வேகத்தில் போட்டதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

பவர் பயிற்சி எப்போது?

வாரம் இரண்டு நாள், உடம்பு களைப்பில்லாத நேரத்தில். மெடிசின் பாலைத் தரையில் ஓங்கி அடிப்பது, பெட்டி மேல் தாவுவது போன்றவற்றை 4 அல்லது 5 முறை செய்துவிட்டு 2 நிமிடம் ஓய்வு. வேகம் குறைந்தால் அன்றைக்கு அதோடு போதும். கடற்கரை மணலில் ஓடினால் தம் கூடும். ஆனால் முன்கால் கடினமான பிட்ச்சில் ஊன்றும் அதிர்வுக்கு மணல் பழக்காது. அதற்குக் கெட்டித் தரையிலும் தாவிப் பழக வேண்டும்.

தோள்பட்டைக்கு என்ன?

பந்தை விட்டபின் சுழலும் கையைப் பிரேக் போட்டு நிறுத்துவது தோளின் பின்பக்கத் தசைகள். முழங்கையை இடுப்போடு ஒட்டி, ரப்பர் பேண்டை வெளிப்பக்கம் மெதுவாக இழுப்பது இவற்றுக்கான பயிற்சி. 15 முறை வீதம் 3 சுற்று, வாரம் மூன்று நாள். பவுண்டரியிலிருந்து எறிவதும் இதே தோளுக்குச் சுமைதான்.

எப்போது நிறுத்த வேண்டும்?

வலது கைப் பந்துவீச்சாளருக்கு இடுப்புக்கு மேல் இடப்பக்கம் மட்டும், பின்னால் வளையும்போது வலித்தால் அது சாதாரணப் பிடிப்பாக இல்லாமல் எலும்பில் விரிசலின் தொடக்கமாகவும் இருக்கலாம். ஆரம்ப விரிசல் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம், எம்.ஆர்.ஐ. தேவைப்படும். அது தெளிவாகும் வரை பந்துவீச்சு கூடாது.